மாதந்தோறும் அதே கீரைச் சண்டை

இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தப்பட்டவர்கள் ஏறத்தாழ மாதம் ஒருமுறை ஐ.என்.ஆர். பரிசோதனைக்கு வருகிறார்கள். இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது என்பதைக் காட்டும் எண் அது. உடன் வரும் குடும்பத்தினரோடு மாத்திரை, உணவு, உறக்கம் பற்றி ஆலோசனைப் பிரிவில் பேசும்போது, சில வீடுகளில் அந்தத் தேதியோடு இன்னொன்றும் தவறாமல் வந்துவிடுவதை நாங்கள் கேட்டறிகிறோம். பரிசோதனைக்கு ஓரிரு நாள் முன்பாக ஒரு சண்டை மூள்கிறது. பொருள் அதுவே, சொற்களும் அவையே. அடுத்து எந்த வாக்கியம் வரும் என்பது இருவருக்கும் மனப்பாடம். இருந்தும் அடுத்த மாதம் அது மறுபடியும் முதல் வரியிலிருந்தே தொடங்குகிறது.

அத்தகைய சண்டை ஒன்றை இங்கே சற்று விரிவாகப் பார்க்கலாம். எவரையும் அடையாளம் காட்டிவிடாதபடி, பல குடும்பங்களில் கண்டவற்றை ஒரே வீட்டில் நடந்தவையாக இணைத்து எழுதுகிறோம்.

கணவருக்கு 54 வயது. சிறு வயதில் வந்த வாதக் காய்ச்சலால் இதயத்தின் மைட்ரல் வால்வு பழுதடைந்து, ஆறு ஆண்டுகளுக்கு முன்பு அங்கே செயற்கை வால்வு பொருத்தப்பட்டது. வால்வின் மேல் இரத்தக் கட்டி படியாமலிருக்க நாள்தோறும் மாலை ஆறு மணிக்கு ஒரு மாத்திரை உட்கொள்கிறார். அவருடைய ஐ.என்.ஆர். 2.5க்கும் 3.5க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது மருத்துவர் வகுத்த எல்லை. எண் குறைந்தால் கட்டி உருவாகும் ஆபத்து, கூடினால் இரத்தக் கசிவு ஆபத்து. மனைவி வீட்டையும் அவருடைய கோப்பையும் ஒருசேரப் பார்த்துக்கொள்கிறார். கணவர் ஒரு இரும்புக்கடை வைத்திருக்கிறார்.

சண்டை பெரும்பாலும் இப்படித் தொடங்கும். "உங்க அக்கா வீட்டுல முருங்கைக்கீரை சாப்பிட்டீங்களா?" என்பார் மனைவி. "ஒரு கரண்டி சாப்பிட்டேன், அதனால என்ன?" என்பார் கணவர். "எத்தனை தடவை சொன்னாலும் கேட்க மாட்டீங்க." "நீ என்ன டாக்டரா?" பிறகு கணவர் கடைக்குக் கிளம்பிவிடுவார். போன் செய்தால் எடுக்க மாட்டார். இரண்டு நாள் வீட்டில் பேச்சு இருக்காது. மூன்றாம் நாள் இருவரும் ஒரே ஆட்டோவில் மருத்துவமனைக்கு வந்து, பரிசோதனைக்கூட வாசலில் ஒரு நாற்காலி இடைவெளி விட்டு அமர்ந்திருப்பார்கள்.

முதலில் கீரையின் கணக்கைத் தீர்த்துவிடுவோம். இந்த மாத்திரையை உட்கொள்வோர் கீரையைத் தொடவே கூடாது என்று பல வீடுகளில் நம்புகிறார்கள். அது சரியன்று. கீரைகளில் உள்ள வைட்டமின் கே, மாத்திரையின் வேலையைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் மாத்திரையின் அளவை மருத்துவர் நோயாளியின் வழக்கமான உணவை ஒட்டியே நிர்ணயிக்கிறார். வழக்கமாகக் கீரை உண்பவர் திடீரென்று நிறுத்தினால் எண் ஏறிவிடலாம். உண்ணாதவர் திடீரென்று நாள்தோறும் உண்டால் எண் இறங்கிவிடலாம். வேண்டியது ஒரே சீரான அளவுதான். வாரத்தில் இரண்டு நாள், ஏறத்தாழ ஒரே அளவு என்று வைத்துக்கொண்டு அதை மருத்துவரிடம் சொல்லிவிட்டால் போதும். எண்ணைக் குலைக்கும் காரணங்களில் கீரை ஒன்றே ஒன்று. மாத்திரை தவறுதல், மருத்துவரைக் கேளாமல் வாங்கும் வலி மாத்திரைகள், சில நுண்ணுயிர்க்கொல்லிகள், காய்ச்சல், வயிற்றுப்போக்கு, மது ஆகியவையும் எண்ணை மாற்றக்கூடியவை.

இதை அந்தத் தம்பதிக்கு விளக்கினோம். செவ்வாயும் வெள்ளியும் ஒரு கரண்டிக் கீரை என்று முடிவாயிற்று. இருவரும் நிம்மதியாகவே கிளம்பினார்கள்.

அடுத்த மாதம் சண்டை அதே நாளில், அதே மாலையில் வந்தது. இம்முறை கீரையைப் பற்றிப் பேச்சே இல்லை. மாத்திரையை ஆறு மணிக்குப் போடாமல் எட்டு மணிக்குப் போட்டார் என்பது புதிய பொருள். அதற்கு அடுத்த மாதம் கடையில் மூட்டை தூக்கினார் என்பது.

மேலே தெரியும் பொருளுக்கும் உள்ளே இருக்கும் காரணத்துக்கும் தொடர்பு குறைவு என்பதற்கு எங்கள் அனுபவத்தில் இதைவிட நம்பகமான அறிகுறி இல்லை. சண்டை கீரையைப் பற்றியதாக இருந்திருந்தால், கீரைக்கு ஒரு வழி பிறந்த அன்றே அது முடிந்திருக்கும். பொருளைத் தீர்த்த பிறகும் அது வேறு பொருளைத் தேடிக்கொண்டு, அதே தேதியில், அதே சூட்டோடு வந்து நிற்கிறது என்றால், சொல்லப்படாத ஒன்று அடியில் கிடக்கிறது. இன்னொரு அறிகுறியும் உண்டு. ஒரு கரண்டிக் கீரைக்கு இரண்டு நாள் மௌனம் என்பது அளவுக்கு மிஞ்சிய விலை. காரணத்துக்கும் கோபத்துக்கும் இத்தனை ஏற்றத்தாழ்வு இருக்கும்போது, மிச்சக் கோபம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கத்தான் வேண்டும்.

அதைக் கண்டுபிடிக்க நாங்கள் ஒரு சாதாரணக் குறிப்பேட்டைப் பயன்படுத்துகிறோம். சண்டை முடிந்து மனம் ஆறிய பிறகு, இருவரும் தனித்தனியாக, ஒருவர் எழுதியதை மற்றவர் பாராமல், சில வரிகள் எழுத வேண்டும். என்றைக்கு, எத்தனை மணிக்கு நடந்தது? அதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் என்ன நடந்தது? முதல் வாக்கியம் எது, கடைசி வாக்கியம் எது? யார் சரி, யார் தவறு என்று எழுத வேண்டியதில்லை. எழுதத் தெரியாதவர்கள் எங்களிடம் வாய்மொழியாகச் சொன்னாலும் போதும். இரண்டு மூன்று சண்டைகளின் குறிப்பு சேர்ந்தால் ஒரு கோலம் தெரியத் தொடங்கும்.

இவற்றுள் கடைசி வாக்கியத்தை நாங்கள் மிகுந்த கவனத்தோடு படிப்போம். முதல் வாக்கியம் கீரையைப் பற்றி இருக்கலாம். கடைசி வாக்கியம் அப்படி இருப்பது அரிது. மனைவியின் குறிப்பேட்டில் மூன்று மாதமும் கடைசி வாக்கியம் சொல் மாறாமல் இருந்தது: "அப்புறம் நான்தானே தனியா நிக்கணும்." கணவருடைய கடைசி வாக்கியங்கள் வெவ்வேறாக இருந்தாலும் மூன்றுக்கும் பொருள் ஒன்றே: "என்னைக் கொஞ்சம் விடு."

முந்தைய இரண்டு மணி நேரம் என்ற கேள்விக்கும் இருவருடைய பதில்கள் வியப்பூட்டின. மனைவி மூன்று முறையும் ஒன்றையே எழுதியிருந்தார்: அன்று மாலை அவர் போனை எடுக்கவில்லை. கணவரும் மூன்று முறை ஒன்றையே எழுதியிருந்தார்: அன்று மாலை கடையில் ஆள் இருக்கும்போது நான்கு முறை போன் வந்தது. ஒரே நிகழ்ச்சியை இருவரும் எதிரெதிர் முனைகளில் நின்று பார்த்திருக்கிறார்கள். அவர் எடுக்காததால் இவர் மறுபடியும் அழைக்கிறார். இவர் மறுபடியும் அழைப்பதால் அவர் எடுப்பதில்லை. தான் செய்தது மறுமொழிதான், தொடங்கியவர் மற்றவரே என்று இருவரும் உண்மையாகவே நம்புகிறார்கள். ஒருவர் துரத்த, மற்றவர் விலகும் இந்தச் சுழலை அமெரிக்க உளவியலாளர் ஆண்ட்ரூ கிறிஸ்டென்சன் போன்றோர் நெடுங்காலம் ஆராய்ந்திருக்கிறார்கள். இதில் குற்றவாளியைத் தேடுவது வீண் வேலை. வட்டத்தில் தொடக்கப் புள்ளியைத் தேடுவது போன்றது அது.

அடுத்த படிதான் கடினமானது. ஒவ்வொருவரிடமும் தனியாக ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டோம். இந்தச் சண்டையில் முழுமையாக நீங்களே வென்றுவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம், அதனால் உங்களுக்கு என்ன கிடைக்கும்?

மனைவி சொன்னார்: "அவர் கீரையை ஒழுங்கா அளவோட சாப்பிடுவார்." அதனால் என்ன கிடைக்கும்? "நம்பர் சரியா இருக்கும்." அதனால்? "டாக்டர் எதுவும் சொல்ல மாட்டார்." அதனால்? இங்கே அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "ராத்திரி தூங்குவேன்" என்றார்.

இரவில் ஏன் தூங்குவதில்லை என்று கேட்டோம். செயற்கை வால்வின் இதழ்கள் மூடும்போது மெல்லிய ஒலி எழும், கடிகாரத்தின் ஒலியைப் போல. பகலின் இரைச்சலில் அது தெரியாது. இரவின் அமைதியில் அருகில் படுத்திருப்பவருக்குக் கேட்கும். முந்தைய ஆண்டு ஒரு பல்லைப் பிடுங்க வேண்டியிருந்தபோது, கணவர் யாரையும் கேளாமல் சில நாள் மாத்திரையை நிறுத்திவிட்டார். ஒரு நாள் காலை அவருக்குப் பேச்சுக் குழறி, வலது கை தொய்ந்தது. சுமார் இருபது நிமிடத்தில் தானாகவே சரியாகிவிட்டது. மருத்துவமனைக்கு வந்தபோது ஐ.என்.ஆர். 1.4 இருந்தது. தற்காலிகப் பக்கவாதம் என்று சொல்லி மருத்துவம் செய்தார்கள். அந்த இருபது நிமிடமும் வீட்டில் இருந்தது மனைவி ஒருவரே. மகன் வெளியூரில் வேலை பார்க்கிறார். அன்றிலிருந்து அவர் இரவில் அந்த ஒலியைக் கேட்டபடியே படுத்திருக்கிறார். ஒலி சீராக இருந்தால் கண்ணயர்வார். கணவர் புரண்டு படுத்து ஒலி கேளாமல் போனால் எழுந்து உட்கார்ந்துவிடுவார். பரிசோதனைத் தேதி நெருங்க நெருங்க உறக்கம் இன்னும் குறையும். இது எதுவும் கணவருக்குத் தெரியாது. அவள் நன்றாகத் தூங்குகிறாள் என்றே அவர் எண்ணியிருந்தார்.

கணவரிடமும் அதே கேள்வி. "அவ கேள்வி கேக்கறதை நிறுத்துவா." அதனால் என்ன கிடைக்கும்? "என் வேலையை நான் பார்ப்பேன்." அதனால்? "ஆபரேஷனுக்கு முன்னாடி இருந்த மாதிரி இருப்பேன்." அது எப்படி இருந்தது என்று கேட்டபோது அவர் சொன்னது நீளமானது. முன்பெல்லாம் வீட்டில் எந்த முடிவுக்கும் அவரைக் கேட்பார்கள். இப்போது அவரைப் பற்றியே மற்றவர்கள் பேசிக்கொள்கிறார்கள். கோப்பு மனைவியின் கையில் இருப்பதால், பரிசோதனை அறையில் கேள்விகளும் இயல்பாகவே மனைவியை நோக்கிப் போகின்றன. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று, அவர் எதிரிலேயே, அவரைப் பற்றி. மகன் போனில் முதலில் கேட்பதும் "அப்பா ஒழுங்கா இருக்காரா?" என்றுதான். கடை ஒன்றுதான் அவர் நோயாளியாக இல்லாத இடம். அங்கே வரும் நான்கு அழைப்புகள் அந்த இடத்தையும் பறித்துக்கொள்கின்றன.

ஆக, கீரை என்ற ஒரு சொல்லின் கீழே இரண்டு தேவைகள் கிடந்தன. மீண்டும் அந்தக் காலை போலத் தனியாக நிற்க நேராது என்ற உறுதி மனைவிக்கு வேண்டும். தன் உடலுக்குத் தானே பொறுப்பாளர் என்ற மதிப்பு கணவருக்கு வேண்டும். இரண்டும் நியாயமானவை. ஒன்றுக்கொன்று எதிரானவையும் அல்ல. ஆனால் ஒருவர் தம் தேவையைத் தேடிய வழி மற்றவருடைய தேவையை நேராகத் தாக்கியது. அவர் அச்சத்தால் விசாரித்தார், அவருக்கு அது கண்காணிப்பாகப் பட்டது. இவர் மதிப்பைக் காக்க விலகினார், மனைவிக்கு அது கைவிடலாகப் பட்டது. கனடாவில் பணியாற்றிய உளவியலாளர் சூ ஜான்சன் தம்பதியர்க்கான சிகிச்சை முறையை வகுத்தபோது இதை வற்புறுத்தினார்: வெளியே தெரியும் கோபத்தின் அடியில் பெரும்பாலும் அச்சமோ தனிமையோ போன்ற மென்மையான உணர்வு ஒன்று இருக்கிறது, அது சொல்லப்படும்போதுதான் எதிரில் இருப்பவரால் அருகில் வர முடிகிறது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. பொருளைப் பார்த்துத் தேவையை ஊகித்துவிடாதீர்கள். இதே கீரைச் சண்டை, இதே மாத்திரையை உட்கொள்ளும் ஒரு தாய்க்கும் மகனுக்கும் இடையே நடந்ததைக் கண்டிருக்கிறோம். தேடிப் பார்த்தால், கொல்லையில் கீரை பயிரிட்டு, ஆய்ந்து, பேரப்பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடுவதுதான் அந்த அம்மாவுக்கு அந்த வீட்டில் எஞ்சியிருந்த ஒரே அதிகாரம். மகன் பாத்தியையே அழித்துவிட்டார். அங்கே மறைந்திருந்தது அச்சமும் அன்று, சுதந்திரமும் அன்று. தான் இன்னும் இந்த வீட்டுக்கு வேண்டியவள் என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. பொருள் ஒன்றாக இருந்தும் தேவை முற்றிலும் வேறாக இருந்தது.

தேவையைச் சொல்லும்போது பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. "அவர் பொறுப்பாக நடந்துகொள்ள வேண்டும் என்பதே என் தேவை" என்பார்கள். இது தேவையின் உடையை அணிந்துகொண்ட குற்றச்சாட்டு. இதைப் பிரித்தறிய ஒரு சோதனை இருக்கிறது. நீங்கள் சொல்வதை நிறைவேற்ற ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு செயலைச் செய்தால்தான் முடியும் என்றால், நீங்கள் இன்னும் கோரிக்கையில்தான் நிற்கிறீர்கள். "போனை எடுக்க வேண்டும்" என்பது கோரிக்கை. "மாலையில் அவர் நலமாக இருக்கிறார் என்று எனக்குத் தெரிய வேண்டும்" என்பது தேவை. முன்னதற்கு ஒரே வழி. பின்னதற்குப் பல வழிகள் உண்டு, அவற்றுள் கணவருக்கும் ஒத்துவருவது ஒன்று கிடைக்கும்.

அந்தத் தம்பதி இதை எப்போது பேசினார்கள் என்பதும் முக்கியம். பரிசோதனைக்கு முந்தைய நாட்களில் வேண்டாம் என்றோம். முடிவு வந்து, எண் எல்லைக்குள் இருந்த நாளின் மறுநாளைத் தேர்ந்தெடுத்தோம். பேச்சு சூடேறினால் நிறுத்திவிட வேண்டும். தம்பதியரின் உரையாடல்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஜான் காட்மன், நாடித் துடிப்பு நிமிடத்துக்கு நூறைத் தாண்டினால் எதிரில் இருப்பவர் சொல்வது காதில் ஏறாது என்றும், குறைந்தது இருபது நிமிட இடைவெளி வேண்டும் என்றும் சொல்கிறார். ஆனால் இதய நோயாளிகளுக்கு நாடியை அளவுகோலாகக் கொள்ள நாங்கள் சொல்வதில்லை. இவர்களில் பலர் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை உட்கொள்கிறார்கள், சிலருக்குத் துடிப்பே சீரற்றது. உள்ளே கொதித்தாலும் நாடி அமைதியாகக் காட்டலாம். ஆகவே வேறு அடையாளத்தைப் பாருங்கள். ஒரே வாக்கியத்தை மூன்றாம் முறை சொல்லத் தொடங்கிவிட்டீர்கள் என்றால் நிறுத்த வேண்டிய நேரம் வந்துவிட்டது. நிறுத்தும்போது, எப்போது திரும்பிப் பேசுவோம் என்பதைச் சொல்லிவிட்டு எழுந்து செல்ல வேண்டும். சொல்லாமல் எழுந்து போனால், துரத்துபவருக்கு அது பழைய கைவிடலாகவே தோன்றும்.

அன்று மனைவி இரவில் ஒலி கேட்டுப் படுத்திருப்பதைச் சொன்னார். எங்கள் முன்னிலையில்தான் சொன்னார், கணவரைப் பாராமல் சொன்னார். பெரும்பாலான வீடுகளில் இந்த இடத்தில் வரும் பதில் "ஒண்ணும் ஆகாது, நீ சும்மா பயப்படாதே" என்பது. நல்லெண்ணத்தோடு சொல்லப்படுவதுதான், ஆனால் கேட்பவரின் அச்சத்தை அது மறுபடியும் அவரிடமே தள்ளிவிடுகிறது. கணவர் அப்படிச் சொல்லவில்லை. வெகுநேரம் கழித்து, "எனக்கும் அன்னைக்கிலிருந்து பயம்தான்" என்றார். அந்த அச்சத்தை அவர் மனைவியிடமிருந்து மறைத்ததே மனைவியைக் காப்பதற்காகத்தான். மறைத்ததை மனைவி அலட்சியம் என்று படித்திருந்தார்.

அதற்குப் பிறகு ஏற்பாடுகளைச் செய்வது அரை மணி நேர வேலையாக இருந்தது. கோப்பும் ஐ.என்.ஆர். அட்டையும் கணவர் கைக்கு மாறின. பரிசோதனை முடிவு வந்ததும் அவரே எண்ணை மனைவிக்கும் மகனுக்கும் அனுப்புகிறார். மாலை ஆறு மணிக்கு மாத்திரை போட்டதும் கடையிலிருந்து போனில் ஒரு குறி மட்டும் அனுப்பிவிடுகிறார். அது வந்தால் மனைவி அழைப்பதில்லை. ஏழு மணிவரை வராவிட்டால் ஒரே ஒரு முறை அழைக்கலாம் என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள். ஒரு வேளை மாத்திரை தவறினால் மறுநாள் இரட்டிப்பாகப் போடக் கூடாது, எங்களைக் கேட்க வேண்டும் என்பதையும், பல் சிகிச்சையானாலும் எதுவானாலும் இதய மருத்துவரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்பதையும் இம்முறை கணவரிடமே விளக்கினோம். அந்தக் காலை போல மறுபடியும் நேர்ந்தால் முதலில் 108, பிறகு அடுத்த வீட்டார், பிறகு மகன் என்று ஒரு தாளில் எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டினார்கள். எங்கள் கருத்தில் மனைவியின் உறக்கத்துக்கு அந்தத் தாள்தான் மற்ற எல்லாவற்றையும்விட உதவியது.

சண்டை நின்றுவிட்டதா என்று கேட்பீர்கள். நிற்கவில்லை. தம்பதியரின் கருத்து வேற்றுமைகளில் ஏறத்தாழ 69 விழுக்காடு என்றுமே முழுதாகத் தீராதவை என்று காட்மன் கணக்கிட்டிருக்கிறார். மகிழ்ச்சியான தம்பதியருக்கும் அவை இருக்கின்றன. அவர்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டே வாழ்கிறார்கள். இந்த வீட்டிலும் ஐந்தாம் மாதம் ஒரு சண்டை வந்தது, மறுபடியும் கடையில் மூட்டை தூக்கியதற்காக. ஆனால் நடுவில் மனைவி நிறுத்தி, "நாளைக்கு டெஸ்ட்டுன்னா எனக்கு இப்படித்தான் ஆகுது" என்றாராம். சண்டை பத்து நிமிடத்தில் முடிந்தது. பரிசோதனைக்கூட வாசலில் இடைவெளி நாற்காலி காணப்படவில்லை.

இந்த அணுகுமுறை பொருந்தாத இடங்களையும் சொல்லிவிட வேண்டும். இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை உட்கொள்பவர் திடீரென்று குழறிப் பேசினாலோ, சம்பந்தமில்லாமல் சீறினாலோ, கடுமையான தலைவலி, வாந்தி, தலையில் அடிபட்டது என்று சொன்னாலோ அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது மூளையில் அடைப்பாகவோ கசிவாகவோ இருக்கலாம். உடனே 108ஐ அழையுங்கள், அறிகுறி தானாகவே மறைந்துவிட்டாலும் வந்துவிடுங்கள். இதய அறுவைக்குப் பிறகு வாரக்கணக்கில் உறக்கமின்மை, எரிச்சல், எதிலும் நாட்டமின்மை நீடித்தால் அது மனச்சோர்வாக இருக்கக்கூடும். அது அறுவைக்குப் பின் அரிதன்று, மருத்துவமும் உண்டு. சண்டையைப் பற்றிப் பேசுவதற்கு முன் அதைப் பார்க்க வேண்டும். கட்டணமின்றித் தொலைபேசியில் மனநல ஆலோசனை பெற 14416 என்ற எண் இருக்கிறது.

அடி, மிரட்டல், பணத்தையும் போனையும் பறித்து வைத்தல் ஆகியவை நடக்கும் வீட்டில் அடியில் என்ன தேவை மறைந்திருக்கிறது என்று தேடும் பொறுப்பு அடிபடுபவருடையது அன்று. அங்கே குறிப்பேடு எழுதச் சொல்வது ஆபத்தாகவும் முடியலாம். பெண்கள் 181ஐ அழைக்கலாம். பரிசோதனைக்கு வரும் நாளில் செவிலியரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று சொன்னால் போதும், உடன் வந்தவரை வெளியே இருக்கச் சொல்லும் பொறுப்பை அவர் எடுத்துக்கொள்வார்.

மற்றவர்கள், சண்டை முடிந்த மறுநாள் எழுதிய குறிப்புகளோடு, ஐ.என்.ஆர். முடிவுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் ஆலோசனைப் பிரிவுக்கு வரலாம். இருவரும் ஒன்றாக வர ஒப்பாவிட்டால் ஒருவர் மட்டும் வந்தாலும் தொடங்கலாம். இரண்டு குறிப்பேடுகளில் ஒன்று மட்டுமே கிடைத்த வீடுகளிலும் கடைசி வாக்கியம் பல முறை வழி காட்டியிருக்கிறது.